ரன்னிங் பில் கணக்கு இடிக்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

வேலை வகைக்கு ஒரு ரேட் என்று பேசி வீடு கட்டுபவர்களுக்கு ஒப்பந்ததாரர் வேலை நடக்க நடக்க அனுப்பும் ரன்னிங் பில் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்த பில். கூடவே தளத்தில் கையால் எழுதிய அளவுத்தாளின் புகைப்படம். அன்று மாலையே பணம் கேட்டு அழைப்பும் வந்துவிடும். வீட்டுக்காரர்களுக்காக இந்த பில்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. பில் மாறினாலும், வீடு மாறினாலும், கோளாறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதிக்கு மேல் கூட்டல், எடுத்தெழுதல் பிழைகள். அதனால் சந்தேகத்தோடு தொடங்க வேண்டாம், கால்குலேட்டரோடு தொடங்குங்கள்.

கட்டட மொத்தப் பரப்புக்கு ஒரே ரேட் பேசி, அடித்தளம் முடிந்ததும் இவ்வளவு, கூரை போட்டதும் இவ்வளவு என்று தவணையாகக் கொடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. செங்கல் கட்டு, கான்கிரீட், கம்பி, பூச்சு என்று தனித்தனி ரேட் உள்ளவர்களுக்கானது.

உட்காரும் முன் நான்கு பொருட்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ரேட் பட்டியல் உள்ள ஒப்பந்தம், நீங்கள் திருத்தி ஒப்புக்கொண்ட முந்தைய பில், வங்கிக் கணக்கு அறிக்கை, ஒரு டேப். முந்தைய பில் என்றால் அவர் அனுப்பியது அல்ல, நீங்கள் திருத்திக் கையெழுத்திட்டது. இந்த வேறுபாடு கீழே இரண்டு இடங்களில் பணமாக மாறும்.

பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பத்திகள் இருக்கும்: "இதுவரை", "முந்தைய பில் வரை", "இந்த பில்". பலரும் மூன்றாவது பத்தியை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறார்கள். உண்மையில் சுவரில் அளந்து பார்க்கக்கூடியது முதல் பத்தி மட்டுமே. மூன்றாவது, முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்து வரும் மிச்சம். பில்லில் மூன்று பத்திகளும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி, மூன்றும் உள்ள பில்லைக் கேளுங்கள்.

## அறிகுறி 1: ஒவ்வொரு வரியும் சரி, ஆனால் "இந்த பில்" தொகை அதிகமாகத் தெரிகிறது

வரிக்கு வரி அளவை ரேட்டால் பெருக்கிப் பார்க்கிறீர்கள்; எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் மூன்று வாரத்தில் இவ்வளவு வேலை நடந்ததா என்று மனம் உறுத்துகிறது. முதலில் ஒரே ஒரு கழித்தல் போடுங்கள். இந்த பில்லின் "இதுவரை" மொத்தத் தொகையிலிருந்து, ஒப்புக்கொண்ட முந்தைய பில்லின் "இதுவரை" மொத்தத் தொகையைக் கழியுங்கள். வருவது "இந்த பில்" பத்தியின் மொத்தத்தோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. மூன்றாவது பில்லின் "இதுவரை" ₹12,40,000. இரண்டாவது பில்லின் "இதுவரை" ₹8,60,000. இந்த பில் ₹3,80,000 ஆக இருக்க வேண்டும். ஆனால் கடைசிப் பத்தியின் மொத்தம் ₹3,89,360 என்று இருக்கிறது. வித்தியாசம் ₹9,360.

இந்த வித்தியாசத்தை வைத்தே பிழை எந்த வரியில் என்று பிடித்துவிடலாம். ரேட் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரேட்டாலும் 9,360-ஐ வகுத்துப் பாருங்கள். முழு எண்ணாக எங்கே வருகிறதோ அந்த வரியை முதலில் பாருங்கள். உள்பூச்சு சதுர அடிக்கு ₹52. 9,360-ஐ 52-ஆல் வகுத்தால் சரியாக 180. அந்த வரியைத் திறந்தால், "இதுவரை" 4,510 சதுர அடி, "முந்தைய பில் வரை" 2,680, "இந்த பில்" 1,830. முந்தைய பில்லை எடுத்துப் பார்த்தால் அங்கே 2,860. எடுத்தெழுதும்போது 8-உம் 6-உம் இடம் மாறிவிட்டன. சரியான அளவு 1,650 சதுர அடி.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 180 வகுபடுகிறது. பழைய கணக்குப்பிள்ளைகளுக்குக் கைவந்த இந்தச் சோதனை இன்றும் வேலை செய்கிறது. வகுபட்டாலே இடமாற்றம்தான் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் தேடலை அங்கே தொடங்கலாம்.

வரிகள் அதிகம் என்றால் எக்செலில் இரண்டு பில்களின் அளவுகளையும் அருகருகே இட்டு ஒரு சூத்திரம் போடுங்கள். C பத்தியில் முந்தைய பில்லின் "இதுவரை", D பத்தியில் புதிய பில்லின் "முந்தைய பில் வரை":

```
=IF(ROUND(D5-C5,2)=0,"","பார்க்கவும்")
```

இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை, ஆனால் இடமாற்றமும் இல்லை என்றால்: சென்ற முறை நீங்கள் வெட்டிய அளவு திரும்பி வந்திருக்கலாம். அவர் கேட்டது 2,920, நீங்கள் ஒப்புக்கொண்டது 2,860 என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணினியில் இருப்பது 2,920. புதிய வேலையை அதன்மேல் கூட்டி அனுப்புகிறார். "இந்த பில்" பத்தியில் எந்தத் தவறும் தெரியாது. ஆனால் "இதுவரை" பத்தியில் நீங்கள் வெட்டிய 60 சதுர அடி ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும். கடைசியில் மொத்தத்திலிருந்து கொடுத்த பணத்தைக் கழிக்கும்போது அதற்கும் சேர்த்துப் பணம் போய்விடும். அதனால்தான் கையெழுத்திட்ட பிரதியைக் கேட்டேன்.

"முந்தைய பில் வரை" பத்தியில் பூஜ்யம் உள்ள வரி, பழைய வேலைபோல் தோன்றினால்: ஒரே வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சென்ற பில்லில் "உள்பூச்சு" என்று ஒரே வரி. இந்த பில்லில் "சுவர் பூச்சு", "சீலிங் பூச்சு" என்று இரண்டு. பழைய அளவு முழுவதும் முதல் வரியில் நிற்க, சீலிங் புதிதாக முளைத்ததுபோல் இருக்கும். பிரிப்பது தவறல்ல, சீலிங்குக்குத் தனி ரேட் பேசியிருக்கலாம். ஆனால் பழைய அளவில் சீலிங் எவ்வளவு என்பதைப் பிரித்து, அதற்குரிய "முந்தைய" எண்ணாகக் காட்டியாக வேண்டும். இப்படிப் பிரிந்த வரிகள் பலவாகி, முதல் பில் வரை பின்னோக்கிப் போக வேண்டியிருந்தால், அளவுக் கணக்கு தெரிந்த சிவில் இன்ஜினியர் ஒருவரிடம் எல்லா பில்களையும் ஒப்படையுங்கள். தெரியாதவர் கையில் அது மேலும் சிக்கலாகும்.

## அறிகுறி 2: அளவுத்தாள் படத்தில் எண் தெளிவாக இல்லை

முதலில் செய்ய வேண்டியது செலவே இல்லாதது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. பென்சில் எழுத்தும் கார்பன் பிரதியும் அதில் கரைந்துபோகும். அதே படத்தை "ஆவணம்" என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். தாளை மேசையில் விரித்து, நேர் மேலிருந்து, நான்கு மூலைகளும் தெரிய எடுத்திருக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் வலது ஓரத்துப் பத்திதான் பெரும்பாலும் வெட்டுப்படும். அதில்தான் மொத்தம் இருக்கும்.

ஒரு வரியில் ஒரே ஒரு எண் மட்டும் புரியவில்லை என்றால் மற்ற எண்களைக் கொண்டு அதை மீட்கலாம். ஹால் நீளப்பக்கச் சுவர் என்ற வரியில் எண்ணிக்கை 2, நீளம் "1?.75", உயரம் 9.50, விடை 318.25 என்று இருக்கிறது. 318.25-ஐ 2-ஆலும் 9.50-ஆலும் வகுத்தால் 16.75. மறைந்த எண் 6. அது 1-ஆ 7-ஆ, 3-ஆ 8-ஆ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊகிப்பதைவிட இது உறுதியானது.

இதற்கு எல்லை உண்டு. இப்படி மீட்ட எண், எழுதியவர் என்ன எழுதினார் என்பதைத்தான் சொல்லும். சுவர் அவ்வளவு நீளமா என்பதைச் சொல்லாது. ஒரே வரியில் இரண்டு எண்கள் மறைந்திருந்தாலும், விடையே அடித்துத் திருத்தப்பட்டிருந்தாலும் இந்த வழி உதவாது.

அப்போது அசல் தாளைத் தளத்தில் பார்த்துவிட வேண்டும். அசல் இல்லை, தொலைந்துவிட்டது என்ற பதில் வந்தால், அந்தத் தாளின் வேலைகளை மட்டும் இருவரும் சேர்ந்து மறுபடி அளப்பதே வழி. மற்ற தாள்களுக்குரிய பணத்தை நிறுத்த வேண்டியதில்லை. தாள்களின் பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 4-க்குப் பிறகு 6 வந்தால் 5 எங்கே என்று கேட்பதில் தவறில்லை.

## அறிகுறி 3: தாளின் மொத்தம் ஒன்று, பில்லில் உள்ள அளவு வேறொன்று

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும்.

வித்தியாசம் ஒரு பக்கத்தின் மொத்தத்துக்குச் சமமாக இருந்தால், பக்க மொத்தத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது இரண்டு முறை கூட்டியிருக்கிறார்கள், அல்லது விட்டிருக்கிறார்கள். ஒரு வரிக்குச் சமமாக இருந்தால் எக்செல் கூட்டலின் எல்லைக்குள் அந்த வரி வரவில்லை. கடைசியாகச் சேர்த்த வரிக்குத்தான் இது அடிக்கடி நடக்கும்.

வித்தியாசம் ஒரு கழிவின் இரண்டு மடங்காக இருந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டார்கள். ஹாலின் நான்கு சுவர்களும் சேர்ந்து 543.02 சதுர அடி. கதவு ஒன்று 3½ அடிக்கு 7 அடி, 24.50. ஜன்னல் இரண்டு, 5 அடிக்கு 4 அடி, 40.00. கழிவு மொத்தம் 64.50, மிச்சம் 478.52 என்று வர வேண்டும். பில்லில் 607.52 இருந்தால் வித்தியாசம் 129.00, அதாவது 64.50-இன் இரட்டிப்பு. தாளில் கழிவு வரிகளுக்கு முன்னால் கழித்தல் குறி போடாமல் "கழிவு" என்று எழுத்தில் மட்டும் எழுதியிருந்தால், தட்டச்சு செய்பவர் இதைச் செய்துவிடுகிறார்.

பில் அளவு தாளைப்போல் சுமார் 10.76 மடங்காகவோ, அதில் ஒரு பங்காகவோ இருந்தால் சதுர மீட்டரும் சதுர அடியும் குழம்பியிருக்கின்றன. கன மீட்டர், கன அடி என்றால் 35.3 மடங்கு. கம்பியில் 3.28 மடங்கு. கம்பியின் எடையைக் கணக்கிட, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுப்பது வழக்கம். வருவது ஒரு மீட்டருக்கான கிலோ. 12 மி.மீ. கம்பிக்கு 0.889 கிலோ. தாளில் நீளம் அடியில் இருக்க, அதை மாற்றாமல் பெருக்கினால் 100 அடிக் கம்பி 88.9 கிலோ ஆகிவிடும். சரியான எடை 27.1 கிலோ. கம்பியின் விலைக்கு இது சின்னப் பிழை அல்ல. கம்பி வரிகளில் நீளத்தின் அலகு என்ன என்பதைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன்.

வித்தியாசம் சிறியதாக, எதற்கும் பொருந்தாததாக இருந்தால் அடி-அங்குலக் கோளாறாக இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் தாள்களில் மிகப் பரவலாக இருப்பது இதுவே.

தளத்தில் 16 அடி 9 அங்குலம் என்று அளக்கிறார்கள். தாளில் 16.9 என்று எழுதுகிறார்கள். கால்குலேட்டர் அதை 16.9 அடி என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் 9 அங்குலம் என்பது முக்கால் அடி, 16.75 என்று போட வேண்டும். 9 அடி 6 அங்குல உயரமும் 9.50 ஆகாமல் 9.6 ஆகும். ஒரு சுவருக்கு 159.13 வர வேண்டியது 162.24 ஆகிறது. இரண்டு சதவீதம்தான்; ஆனால் வீடு முழுக்க, எல்லா வேலையிலும் இதே இரண்டு சதவீதம் தொடரும்.

இது எப்போதும் ஒப்பந்ததாரருக்கு லாபம் என்று நினைக்க வேண்டாம். 1 முதல் 9 அங்குலம் வரை அளவு கூடும். 10, 11 அங்குலத்தில் கதை தலைகீழ்: 11 அடி 10 அங்குலத்தை 11.10 என்று எழுதினால் கால்குலேட்டருக்கு அது 11.1. உண்மையில் 11.83. அவருக்கு முக்கால் அடி போய்விடுகிறது. இதைச் சுட்டிக்காட்டினால் அடுத்த தாளிலிருந்து அவரே கவனமாக எழுதுவார்.

கண்டுபிடிப்பது எளிது. அங்குலத்தைச் சரியாக மாற்றினால் புள்ளிக்குப் பின் .08, .17, .25, .33, .42, .50, .58, .67, .75, .83, .92 என்ற எண்கள் மட்டுமே வரும். அரை அங்குலம் வரை அளந்திருந்தால் இடையில் சில கூடும். தாள் முழுக்க .3, .6, .9 என்று ஒற்றை இலக்கங்களாகவே இருந்தால் யாரும் மாற்றவில்லை. எக்செலில் அடியை ஒரு கட்டத்திலும் அங்குலத்தை இன்னொரு கட்டத்திலும் போடச் சொல்லிவிட்டால் பிரச்சினை வேரோடு தீரும்:

```
=B5+C5/12
```

## அறிகுறி 4: தாளும் பில்லும் ஒத்துப்போகின்றன, சுவரில் அவ்வளவு இல்லை

இப்போது டேப் வேண்டும். எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். தொகையில் பெரிய மூன்று வரிகளையும், எட்டாத இடத்தில் உள்ள ஒரு வரியையும் தேர்ந்தெடுங்கள். ஒப்பந்ததாரரின் ஆளும் கூடவே இருக்கட்டும். தனியாக அளந்துவிட்டு வந்து சொல்வதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

எளிய காரணம், திறப்புகளைக் கழிக்காதது. இதில் வீட்டுக்காரர்களும் தவறு செய்கிறார்கள்: எல்லாக் கதவு ஜன்னலையும் சுவரின் இரண்டு பக்கத்திலும் கழிக்கச் சொல்வார்கள். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1200, பூச்சுக்கு வேறு விதி சொல்கிறது. அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, ஒரு பக்கத்தில் மட்டும் கழிவு. பக்கவாட்டு ஓரங்களின் பூச்சுக்குத் தனியாகப் பணம் கிடையாது. கழிக்காமல் விடும் மறுபக்கமே அதற்கு ஈடு. 3 சதுர மீட்டருக்கு மேல் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு விதி எழுதியிருந்தால் அதுவே செல்லும். எதுவும் எழுதவில்லை என்றால் இந்த விதியை முன்வைத்துப் பேசுங்கள். இருவருக்கும் நியாயமாக இருக்கும்.

அப்படியானால் மேலே சொன்ன ஹாலின் கதவுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் கழித்திருந்தால் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம். கழிக்கவே இல்லை என்றால் உங்களுக்கு நஷ்டம். தாளில் ஒரே ஒருமுறை கழித்திருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். வரைபடத்தில் தளத்துக்குத் தளம் 10 அடி என்று இருக்கும். தாளிலும் எல்லாச் சுவரும் 10 அடி. ஆனால் அதில் ஸ்லாப்பின் கனமும் அடக்கம். 5 அங்குல ஸ்லாப் என்றால் பூசப்பட்ட சுவர் 9 அடி 7 அங்குலம்தான். தரை போட்டபின் இன்னும் குறையும். செங்கல் கட்டில் இதைவிடப் பெரிய இடம் பீம். சுவருக்கு மேல் ஒரு அடி ஆழ பீம் ஓடும்போது, செங்கல் கட்டை ஸ்லாப்பின் அடி வரை அளந்தால் அந்த ஒரு அடிக்கு இரண்டு முறை பணம் போகிறது: செங்கலாக ஒருமுறை, கான்கிரீட்டாக ஒருமுறை. பீம் உள்ள சுவர்களைப் பட்டியலிட்டு, அவற்றின் உயரத்தை மட்டும் தாளில் பாருங்கள். எல்லாச் சுவருக்கும் ஒரே உயரம் எழுதியிருந்தால் பீமைக் கழிக்கவில்லை என்று பொருள்.

இரண்டு அறைக்கும் பொதுவான சுவர் செங்கல் கட்டில் இரண்டு முறை வந்திருப்பதும் உண்டு. அறை வாரியாக அளந்தால் இது நடக்கும். பூச்சுக்கு அறை வாரியாக அளப்பது சரி, கட்டுக்கு வெளிச்சுவர், உள்சுவர் என்று அளக்க வேண்டும்.

நான்கு வரிகளில் வித்தியாசம் ஓரிரு அங்குலத்துக்குள் இருந்தால் தாளை ஏற்றுக்கொள்ளலாம். பூச்சின் கனமே அவ்வளவு வித்தியாசம் தரும். இரண்டு வரிகளிலாவது பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த வேலை வகை முழுவதையும் சேர்ந்து மறுபடி அளந்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

வேலை மறைந்துவிட்டது என்றால், அதாவது மண்ணுக்குள் போன அடித்தளம், கான்கிரீட்டுக்குள் போன கம்பி என்றால், டேப் உதவாது. அளவுத்தாளின் தேதி கான்கிரீட் போட்ட நாளுக்கு முந்தையதா, டேப் வைத்து எடுத்த படம் உண்டா, கட்டமைப்பு வரைபடத்தின் கம்பி அட்டவணையோடு அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லாமல் பெரிய தொகை கேட்கப்பட்டால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டிய நேரம் இது. கான்கிரீட்டை உடைக்காமலே கம்பியின் இடத்தையும் இடைவெளியையும் காட்டும் கருவி உண்டு. அதற்குச் செலவாகும், ஆனால் கம்பி குறைவாகப் போட்டிருந்தால் அது பணக்கணக்கோடு நிற்கும் விஷயம் அல்ல.

## அறிகுறி 5: ரேட் ஒப்பந்தத்தோடு பொருந்தவில்லை

ஒவ்வொரு வரியிலும் "இதுவரை" தொகையை "இதுவரை" அளவால் வகுத்துப் பாருங்கள். பில்லில் எழுதியிருக்கும் ரேட்டை நம்பாமல், வகுத்து வரும் ரேட்டை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள்.

வகுத்து வந்த ரேட் இரண்டு ரேட்டுகளுக்கு நடுவில் விழுந்தால், பழைய அளவுக்கு ஒரு ரேட், புதிய அளவுக்கு ஒரு ரேட் போட்டிருக்கிறார்கள். அரைகுறையாக முடிந்த வேலைக்குச் சென்ற முறை குறைந்த ரேட்டில் கொடுத்து, இப்போது முடிந்ததும் முழு ரேட்டுக்கு உயர்த்தியிருந்தால் அது முறையானதே. மொத்த அளவுக்கும் ஒரே முழு ரேட் வந்துவிடும். அப்படி எந்தப் பேச்சும் இல்லாமல் நடுவழியில் உயர்ந்திருந்தால், சிமெண்ட் விலை ஏறிவிட்டது என்ற விளக்கம் வரும். விலையேற்றத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

ரேட் முன்பைவிட 18 சதவீதம் கூடியிருந்தால் ஜி.எஸ்.டி. உள்ளே சேர்ந்திருக்கிறது. பில்லின் அடியிலும் ஜி.எஸ்.டி. தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு முறை. பேசிய ரேட்டில் வரி அடக்கமா, பில்லில் பதிவு எண் இருக்கிறதா, தொகைக்கு உங்கள் தரப்பில் வருமான வரிப் பிடித்தம் உண்டா போன்றவற்றை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டால் கடைசி பில் வரை அதுவே போதும்.

ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலைகளைத் தனிப் பக்கத்தில் கேளுங்கள். அவற்றுக்கு ரேட் முடிவாகும் வரை முதன்மை பில்லோடு கலக்கவிடக் கூடாது.

## அறிகுறி 6: அளவும் ரேட்டும் சரி, கொடுக்க வேண்டிய தொகை மட்டும் இடிக்கிறது

"இந்த பில்" தொகையிலிருந்து பிடித்தங்களைக் கழித்துக் கொடுப்பதுதான் பலரும் செய்வது. இதில் ஒரு முறை விட்டுப்போனது எப்போதும் விட்டுப்போனதாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்.

முதல் கணக்கையே எடுப்போம். இதுவரை நடந்த வேலை ₹12,40,000. உத்தரவாதப் பிடித்தம் 5 சதவீதம் என்று பேசியிருந்தால் ₹62,000. தொடக்கத்தில் கொடுத்த ₹1,50,000 முன்பணத்தை வேலை மதிப்பில் 10 சதவீதமாகத் திரும்பப் பிடிப்பதாகப் பேச்சு. இதுவரை பிடிக்க வேண்டியது ₹1,24,000. இரண்டையும் கழித்தால் ₹10,54,000. முதல் இரண்டு பில்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது ₹7,31,000. இப்போது கொடுக்க வேண்டியது ₹3,23,000. முன்பணம் ₹1,50,000 இந்த ₹7,31,000-இல் சேராது. சேர்த்தால் அதை ஒரே நேரத்தில் முழுதாகவும் தவணையாகவும் இரண்டு முறை பிடித்ததாகிவிடும்.

ஒப்பந்ததாரர் அனுப்பிய பில்லில் ₹3,47,000 என்று இருந்தால்? வித்தியாசம் ₹24,000. வங்கி அறிக்கையில் முன்பணம் நீங்கலாக அவர் கணக்குக்குப் போனது ₹7,07,000 மட்டுமே என்று தெரியவரும். மிச்சம் ₹24,000, இரண்டாவது பில்லின்போது சிமெண்ட் கடைக்கு நீங்களே நேரடியாகச் செலுத்தியது. பேசிய ரேட்டில் பொருளும் அடக்கம் என்பதால் அது அவருக்குக் கொடுத்த பணம்தான். வங்கி வழியாக அவருக்குப் போகாத எதுவும் அவருடைய பேரேட்டில் ஏறாது. மேஸ்திரி கையில் வாரக்கூலிக்குக் கொடுத்த ரொக்கமும் அப்படியே. கொடுத்த அன்றே "பில் கணக்கில்" என்று ஒரு வரிச் செய்தி அவருக்கு அனுப்பிவையுங்கள். பிறகு வாதத்துக்கே இடமிருக்காது.

முன்பணப் பிடித்தத்தில் இன்னொரு கண்ணி. 10 சதவீதம் பிடித்துக்கொண்டே போனால் வேலை ₹15,00,000 ஆகும்போது முன்பணம் முழுதும் திரும்பிவிடும். அதற்குப் பிறகு பிடித்தால் அது ஒப்பந்ததாரரின் பணம். எக்செலில் உச்ச வரம்பு போட்டுவிடுங்கள். F20 கட்டத்தில் "இதுவரை" மொத்தத் தொகை:

```
=MIN(150000, F20*10%)
```

உத்தரவாதப் பிடித்தம் அப்படி நிற்காது. அது கடைசி பில் வரை தொடர்ந்து, ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முடிந்தபின் திரும்பக் கொடுக்கப்படும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு பில்லின் அடியிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கணக்கைக் காட்டியும் ஒப்பந்ததாரர் ஏற்கவில்லை என்றால், வாதத்தில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மறுப்பில்லாத தொகையை உடனே கொடுத்துவிடுங்கள். மேலே உள்ள கணக்கில் அது ₹3,23,000 கொடுத்து ₹24,000-ஐ நிறுத்துவது. எந்த வரி, எவ்வளவு, ஏன் என்று எழுத்தில் தெரிவியுங்கள். முழு பில்லையும் நிறுத்தினால் கூலிக்குப் பணமில்லாமல் வேலை நிற்கும். அந்தப் பழி உங்கள்மேல் வரும். அவர் வேலையை நிறுத்துவதாக எழுத்தில் தெரிவித்தாலோ, ஏற்கனவே கொடுத்த தொகை நடந்த வேலையின் மதிப்பைத் தாண்டிவிட்டது என்று தெரியவந்தாலோ, அடுத்த ரூபாயைக் கொடுக்கும் முன் இருவருக்கும் பொதுவான ஒரு பொறியாளரை வைத்து முழு அளவெடுப்பு நடத்தி, அந்த அறிக்கையோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.